சேதாரக் கணக்கு

நகைக்கடையில் ‘செய்கூலி, சேதாரம்’ என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தங்கத்தை உருக்கி, கம்பியாக இழுத்து, வெட்டி, அராவும்போது கொஞ்சம் தூளாகப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். போன தங்கத்துக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். பில்லில் அதற்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் காட்டிப் பேரம் பேசுவோமே தவிர, ‘சேதாரம் என்று ஒன்று கிடையவே கிடையாது’ என்று யாரும் வாதாடுவதில்லை.

காய்கறிக் கடையில் அந்த வரி இல்லை. தங்கத்தைவிடத் தக்காளி எத்தனையோ மடங்கு வேகமாகக் கரைகிற பொருள். ஆனால் நான் பார்த்த கடைகளில் முக்கால்வாசி, வாங்கியதெல்லாம் விற்றுவிடும் என்ற நம்பிக்கையில்தான் கணக்கு வைத்திருந்தன. அந்த நம்பிக்கைக்கும் கடைக்குப் பின்னால் இருக்கிற குப்பைத் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கடந்த சில வருடங்களாக என் பிழைப்பு ஓடுகிறது. சின்னக் கடைகளுக்குச் சரக்கு இருப்பு மென்பொருள் எழுதித் தருகிறவன் நான். என்ஜினீயரிங் படித்தபோது அழுகின வெங்காயத்தை எடை போட்டு உட்கார்ந்திருப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இங்கே சொல்லப்போவது கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு கடையைப் பற்றி. பெயர் வேண்டாம். காய்கறி, பழம், முட்டை, கொஞ்சம் மளிகை. கடையில் நேராகவும் விற்பார்கள்; செல்போன் செயலியில் ராத்திரி ஆர்டர் போட்டால் காலையில் வீட்டுக்கு அனுப்பவும் செய்வார்கள். என்னைக் கூப்பிட்டபோது ஓனர் சொன்ன ஒரே வரி: “தம்பி, ஸ்டாக் டேலியே ஆக மாட்டேங்குது.”

அவர்களிடம் ஏற்கெனவே ஒரு மென்பொருள் இருந்தது. அதற்குத் தெரிந்த விஷயங்கள் இரண்டே. சரக்கு வாங்கினால் கூட்டும், பில் போட்டால் கழிக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து `Adjust Stock` என்று ஒரே ஒரு திரை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் எண்ணி, எடை போட்டு, கணினியில் 61 கிலோ என்றும் கையில் 40 கிலோ என்றும் இருந்தால், அந்தத் திரையில் போய் 61-ஐ அழித்து 40 என்று அடிப்பார்கள். அதோடு அந்த 21 கிலோவின் கதை முடிந்துவிடும். அழுகியதா, உடைந்ததா, யாராவது எடுத்துப் போனார்களா, இல்லை வாங்கும்போதே எடை குறைவாக வந்ததா, எதுவும் தெரியாது. எப்போது போனது என்பதும் தெரியாது. 3-ஆம் தேதி போன சரக்கு 31-ஆம் தேதி வரைக்கும் கணினியில் உயிரோடு இருக்கும். நடுவில் இருக்கும் நாட்களில் எல்லாம் செயலி அதை யாருக்காவது விற்றுக்கொண்டே இருக்கும்.

நான் முதலில் செய்தது அந்தத் திரையை எடுத்ததுதான். இருப்பு என்பது யாரும் நேராகத் திருத்தக்கூடிய எண்ணாக இருக்கக் கூடாது. உள்ளே வந்தது, வெளியே போனது, ஏன் போனது என்று வரி வரியாக எழுதி, அந்த வரிகளின் கூட்டுத்தொகையாக மட்டுமே இருப்பு வர வேண்டும். பேரேடு எழுதுகிற பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை. எழுதின வரியை அழிக்க மாட்டார்கள். தப்பாக எழுதியிருந்தால் அதற்கு எதிராக இன்னொரு வரி எழுதுவார்கள்.

ஒரு லோடு தக்காளியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால் இது தெளிவாகும். உடுமலைப் பக்கத்திலிருந்து 14 கிலோ பெட்டியாக வரும். அன்றைக்கு 20 பெட்டி, ஒரு பெட்டி 340 ரூபாய். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 760. ஆக 280 கிலோவுக்கு 7,560 ரூபாய், கிலோ சரியாக 27. கடையில் விலை 32 என்று எழுதிப் போட்டார்கள். கிலோவுக்கு 5 ரூபாய் நிற்கும் என்பது ஓனர் கணக்கு.

பெட்டியைக் கவிழ்த்துத் தரம் பிரிக்கும்போதே அடியில் நசுங்கியது, வெடித்தது என்று 14 கிலோ போய்விட்டது. பெட்டிக்கு முக்கால் கிலோ கூட இல்லை. பார்த்தால் பெரிசாகத் தெரியாது, இருபது பெட்டிக்குக் கூட்டினால்தான் தெரியும். அடுத்த இரண்டு நாளில் 12 கிலோ கொளகொளவென்று ஆகிவிட்டது. அதைத் தூக்கிப் போடவில்லை, பக்கத்து மெஸ்ஸுக்குக் கிலோ 15 என்று கொடுத்தார்கள். 8 கிலோ நிஜமாகவே அழுகி, தொட்டிக்குப் போனது. இன்னொரு 4 கிலோ எங்கேயும் போகவில்லை. ஈரம் வற்றி எடையில் குறைந்தது. இருப்பேட்டில் இப்படி வரும்:

```
TOM1  +280.0  PURCHASE
TOM1   -14.0  SORT
TOM1   -12.0  MOVE_TO_TOM2
TOM2   +12.0  MOVE_FROM_TOM1
TOM1    -8.0  ROT
TOM1    -4.0  WEIGHT_LOSS
TOM1  -242.0  SALE
```

முதல் தரமாக விற்றது 242 கிலோ. செலவழித்த 7,560-லிருந்து மெஸ் கொடுத்த 180-ஐக் கழித்தால் 7,380. அதை 242-ஆல் வகுத்தால் கிலோ 30 ரூபாய் 50 காசு. 5 ரூபாய் நிற்கிறது என்று நினைத்த இடத்தில் நின்றது ஒன்றரை ரூபாய். கடை வாடகையும் கரண்ட் பில்லும் இதற்குள்தான் வர வேண்டும். “தக்காளிதான் நல்லா ஓடுது, ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது” என்று ஓனர் சொல்லிக்கொண்டே இருந்ததற்கு அர்த்தம் இதுதான். அவர் யாரிடமும் ஏமாறவில்லை. 280-ஆல் வகுக்கவேண்டிய கணக்கு என்று நினைத்தார், அது 242-ஆல் வகுக்கவேண்டிய கணக்கு.

அந்த 12 கிலோவைக் கவனியுங்கள். அதைச் சேதம் என்று எழுதியிருந்தால் மெஸ்ஸிலிருந்து வந்த 180 ரூபாய் எந்தச் சரக்குக்கு வந்தது என்றே தெரியாமல் கல்லாவில் கிடக்கும். முதல் தரத் தக்காளி விற்றதாக பில் போட்டிருந்தால் 32 ரூபாய் சரக்கை 15-க்கு விற்றதாக வரும், சராசரி விலை கெட்டுப்போகும். தரம் இறங்கிய பொருள் வேறொரு பொருள். அதற்கென்று ஒரு பெயர், ஒரு விலை, ஒரு இருப்பு வேண்டும்.

எல்லாச் சேதத்தையும் இப்படி மிச்சமிருக்கிற சரக்கின் தலையில் ஏற்றிவிடவும் கூடாது. ஒருநாள் நல்ல மழை. தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் வந்த லோடில் 6 பெட்டி நனைந்து ஊறி மொத்தமாகப் போயிற்று. 84 கிலோ. அதையும் மேலே சொன்ன கணக்கிலேயே சேர்த்தால், விற்கக்கூடியது 158 கிலோதான் மிஞ்சும். அடக்க விலை கிலோவுக்கு 46 ரூபாய் 70 காசுக்கு மேல் போய் நிற்கும். திரையில் அந்த எண்ணைப் பார்க்கிற ஓனர் என்ன செய்வார்? விலையை 50 ஆக்குவார். எதிர்க்கடையில் 32. மழையில் நனைந்த தக்காளிக்காக நனையாத தக்காளியும் விற்காமல் அழுகும்.

அதனால் பெட்டியில் வழக்கமாக நசுங்குவது, வற்றுவது, அழுகுவது எல்லாம் அடக்க விலைக்குள் போகும். தார்ப்பாய் கட்டாததால் போன 84 கிலோ, கிலோ 27 வீதம் 2,268 ரூபாய், அன்றைய நஷ்டம் என்று தனி வரியில் உட்காரும். இது என் யோசனை ஒன்றும் கிடையாது. சரக்கு இருப்பை மதிப்பிடுவதற்கான ஏ.எஸ். 2 என்கிற இந்தியக் கணக்கியல் தரநிலையே, வழக்கத்துக்கு மீறி வீணானதைச் சரக்கின் விலையில் சேர்க்காதே என்றுதான் சொல்கிறது. கடைக்காரர்களுக்கு விளக்கும்போது நான் தரநிலையைச் சொல்வதில்லை. ‘தினமும் நடப்பது விலைக்குள், என்றைக்கோ நடப்பது நஷ்டத்துக்குள்’ என்பேன். எது தினமும் நடப்பது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு மூன்று மாதமாவது தினமும் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

மளிகையில் இன்னொரு காரணமும் உண்டு. காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. எண்ணெய்க்கும் நெய்க்கும் உண்டு. ஒரு நெய் பாட்டில் கீழே விழுந்து உடைந்தால், அதை வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சட்டத்தின் 17(5)(h) பிரிவு அதைச் சொல்கிறது. உடைந்ததை எழுதாதவர் இதையும் செய்திருக்க மாட்டார். ஆடிட்டர் இதைச் சொன்ன பிறகுதான் பல ஓனர்கள் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

விலையாவது சாயங்காலம் சரியானால் போதும். இருப்பு அப்படிக் காத்திருக்காது, ஏனென்றால் செயலி எந்த நேரமும் விற்றுக்கொண்டிருக்கும். இதை முட்டையை வைத்துச் சொல்கிறேன்.

நாமக்கல் முட்டை, 30 முட்டை கொண்ட அட்டை. ராத்திரி ஒன்பதரை மணிக்கு 6 அட்டை இருக்கிறது, 180 முட்டை. அதில் 60 ஏற்கெனவே ஆர்டர் ஆகிவிட்டது. செயலி மிச்சமுள்ள 120-ஐ விற்கத் தயாராக இருக்கிறது. பையன் ஒருவன் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஈரத் தரையில் வழுக்கிவிட்டது. எத்தனை உடைந்தது? உடனே சொல்ல முடியாது. உடைந்த முட்டையின் கரு மற்றதின்மேல் வழிந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து, விளக்கில் பிடித்துக் கீறல் பார்க்க வேண்டும். ராத்திரி அந்த நேரத்தில் யாருக்கும் அதற்குப் பொறுமை கிடையாது. ‘காலையில எண்ணி எழுதிக்கலாம்’ என்று அட்டையை ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் காலை ஆறு மணிக்கு வந்தவர்கள்.

ஆனால் ராத்திரி பத்திலிருந்து பதினொன்றரை வரைக்கும்தான் ஆர்டர் அதிகம். படுக்கப் போகிற முன்னால் நாளைக்குச் சமையலுக்கு என்ன என்று யோசிக்கிற நேரம் அது. செயலி அந்த 120-ஐயும் விற்றுத் தீர்த்துவிடும். காலையில் எண்ணிப் பார்த்தால் 23 உடைந்தது, 11 கீறல், 26 நல்ல முட்டை. கடைசியில் 34 முட்டை தருவதாகச் சொல்லித் தரமுடியாமல் நிற்பார்கள். யாருக்கு இல்லை என்று சொல்வது என்று முடிவெடுக்க வேண்டியது வண்டியில் பையைக் கட்டுகிற பையன். அவன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவான். “அக்கா, முட்டை பன்னெண்டு கேட்டிருந்தீங்க, ஆறுதான் இருக்குதுங்க.” இப்படி மாதத்தில் மூன்று தடவை போன் வாங்கின வீடு நான்காவது தடவை ஆர்டர் போடாது.

இதற்கு வழி, எழுதுவதை இரண்டாக உடைப்பது. எத்தனை போயிற்று என்று தெரிவதற்கு முன்னாலேயே ‘இதை விற்காதே’ என்று சொல்ல முடிய வேண்டும். அதற்குக் காரணமும் வேண்டாம், எண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

```
available = on_hand - reserved - hold
```

அட்டை விழுந்ததும் பையன் ‘நிறுத்தி வை’ பட்டனை அழுத்தி 2 அட்டை என்று போடுகிறான். பத்து விநாடி வேலை. on_hand 180-லேயே இருக்கும், hold 60 ஆகும், செயலி விற்கக்கூடியது 120-லிருந்து 60-க்கு இறங்கிவிடும். காலையில் எண்ணின பிறகு 23 உடைசல் என்று போகும். 11 கீறல் முட்டை வேறு பொருளாக மாறும், டீக்கடை அண்ணன் அன்றைக்கே ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொள்வார். 26 திரும்ப விற்பனைக்கு வரும். ராத்திரி சிலருக்கு ‘முட்டை தீர்ந்துவிட்டது’ என்று காட்டியிருக்கும். 26 முட்டை விற்பனை தள்ளிப்போயிருக்கலாம். இல்லாததை விற்றுவிட்டுப் போன் போடுவதோடு ஒப்பிட்டால் அது மலிவு.

இவ்வளவும் நிரல் எழுதுகிறவனின் வேலை. எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் மாதம் முடிந்து பார்த்தால், வாங்கிய சரக்கின் மதிப்பில் சேதம் என்று எழுதப்பட்டது 1.4 சதவீதம். எண்ணிப் பார்த்தபோது காரணமே தெரியாமல் குறைந்தது 6.1 சதவீதம். பட்டன் எல்லாம் இருந்தது, யாரும் அழுத்தவில்லை.

தரம் பிரிக்கிற அக்கா ஒருவர் அங்கே இருந்தார். எந்தப் பூசணிக்காய் உள்ளே கெட்டிருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரிடம் கேட்டேன்.

“எழுதறதுக்கு என்னங் தம்பி, எழுதலாம். எழுதுனா என்ர சம்பளத்துல புடிக்கறாங்களே.”

அப்போதுதான் எனக்கு அந்த விதி தெரிந்தது. சேதம் 2 சதவீதத்துக்கு மேல் போனால், போன அளவு அந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்களின் சம்பளத்தில் பிடிக்கப்படும். ‘அப்பதான் ஜாக்கிரதையா இருப்பாங்க’ என்பது ஓனரின் வாதம். ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள். சேதம் ஒருபோதும் 2-ஐத் தாண்டவில்லை, காகிதத்தில். அழுகியதை யாரும் பார்க்காத நேரத்தில் மாட்டுக்காரரின் சாக்கில் போட்டுவிடுவார்கள். காரணம் தெரியாத குறைவு யாருடைய சம்பளத்திலும் பிடிபடாது, ஏனென்றால் அது யாருடையது என்று தெரியாது.

ஆனால் காரணம் தெரியாத குறைவுக்கு இன்னொரு பெயர் உண்டு. அந்த மாதம் சின்ன வெங்காயம் 24 கிலோ குறைந்திருந்தது. 50 கிலோ மூட்டையாக 12 மூட்டை வந்தது, 600 கிலோ. விற்றது, கையில் இருப்பது இரண்டையும் கூட்டினால் 576. வெங்காய மூட்டை அடுக்கியிருந்தது பின்கதவுக்குப் பக்கத்தில். ராத்திரி பின்கதவைப் பூட்டுகிறவன் வெளியூரிலிருந்து வந்து நாலு மாதமே ஆன ஒரு பையன். யாரும் வாய்விட்டு ‘நீ எடுத்தாயா’ என்று கேட்கவில்லை. அவன் பையை மட்டும் போகும்போது திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பத்தொன்பது வயது இருக்கும். ஒவ்வொரு ராத்திரியும் டிபன் பாக்ஸைத் தானாகவே திறந்து காட்டிவிட்டுப் போவான்.

நான் ஓனரிடம் ஒரு மூட்டையைக் கடன் கேட்டேன். அதை விற்காமல், மற்ற மூட்டைகள் இருக்கிற அதே இடத்தில், பத்து நாள் வைத்து எடை போட்டேன். முதல் நாள் 50 கிலோ. பத்தாம் நாள், உதிர்ந்த சருகையும் அழுகின சிலதையும் பொறுக்கி எடுத்துவிட்டு, 46.8. பொறுக்கியதின் எடை 900 கிராம். மிச்சம் 2.3 கிலோ காற்றில் போயிருந்தது. வயலிலிருந்து வந்து சரியாகக் காயாத ஈர வெங்காயம் அது. இருந்த இடத்திலேயே, யாரும் தொடாமலேயே 6 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. கடையில் எல்லா மூட்டையும் பத்து நாள் தங்காது, சிலது மூன்றே நாளில் தீரும். அப்படிப் பார்த்தால் 600-க்கு 24, அதாவது 4 சதவீதம், எதிர்பார்க்க வேண்டிய அளவுதான்.

இதனால் அந்தப் பையன் எடுக்கவில்லை என்று நிரூபணம் ஆகிவிடாது. யாரும் எடுக்காமலேயே இவ்வளவு குறையும் என்றுதான் ஆகும். ஓனரிடமும் அப்படியேதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கப்பா மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுத்தான் கணக்கு பாப்பாரு. நான்தான் கம்ப்யூட்டர் இருக்குதேன்னு விட்டுட்டன்” என்றார். பையைத் திறந்து பார்ப்பது அந்த வாரமே நின்றது.

வெங்காயத்திலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் மென்பொருளுக்குள் போயிற்று. உடைவதற்கு ஒரு நொடி இருக்கிறது, யாராவது பார்ப்பார்கள். அழுகுவதற்கு ஒரு நாள் இருக்கிறது, பொறுக்கும்போது தெரியும். வற்றுவதற்கு அப்படி ஒரு தருணமே கிடையாது. அதை ‘நடந்தபோது எழுது’ என்று யாரிடமும் சொல்ல முடியாது. வாரத்துக்கு இரண்டு தடவை, பிரித்த மூட்டையை எடை போட்டு, கணக்கில் உள்ள எடையோடு ஒப்பிட்டுத்தான் எழுத முடியும். சின்ன வெங்காயம், இஞ்சி, சேனை மாதிரி ஏழெட்டுப் பொருளுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

சம்பளத்தில் பிடிக்கிற விதியை எடுக்கச் சொன்னேன். ஒரு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் ஓனர் ஒத்துக்கொண்டார். கூடவே சில சின்ன மாற்றங்கள். எழுதுகிற கருவி கல்லாவில் இருந்தது. அதை எடுத்துக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், தராசோடு சேர்த்து வைத்தோம். அழுகல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டாம். காலை பதினொன்றுக்கு ஒரு தடவை, கடை மூடும்போது ஒரு தடவை, பொருள்வாரியாகக் கூடையை எடை போட்டால் போதும். பழைய மென்பொருள் விற்பனையாளர் கொடுத்திருந்த பட்டியலில் 23 காரணங்கள் இருந்தன. ஈரக்கையோடு நிற்கிறவர் 23-ல் எதைத் தேடுவார்? கடைசியாக இருக்கிற ‘மற்றவை’யைத்தான் அழுத்துவார். அதை ஐந்தாகக் குறைத்தேன். தரம் பிரித்தது, அழுகல், உடைசல், எடை குறைவு, கொசுறு.

கொசுறைச் சேர்த்ததற்குச் சிரித்தார்கள். ஆனால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் தினமும் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. பாதிக்கு மேல் பில் இல்லாமல் பையில் ஏறுகிறது. அது வீணும் இல்லை, திருட்டும் இல்லை. கடைக்காரர் தெரிந்தே கொடுப்பது. எழுதாவிட்டால் ‘காணாமல் போனது’ பட்டியலில்தான் போய்ச் சேரும்.

எழுதுகிறார்களா, சும்மா நிரப்புகிறார்களா என்று எண்களைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஒரு பொருளுக்குத் தினமும் சரியாக 2 கிலோ, 3 கிலோ என்று முழு எண்ணாக வந்தால் யாரும் தராசில் வைக்கவில்லை என்று அர்த்தம். நிஜ அழுகல் 1.85, 0.4, 2.15 என்றுதான் வரும். முட்டை உடைசல் எப்போதும் 30, 60 என்றே வந்தால் எண்ணவில்லை. ஒரே ஒருவர் வேலைக்கு வருகிற நாளில் மட்டும் சேதம் அதிகமாக வந்தால், அவர் கவனக்குறைவானவர் என்று முடிவு கட்டுவதற்கு முன், மற்றவர்கள் எழுதுகிறார்களா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவர் ஒருவர்தான் ஒழுங்காக எழுதுகிறவராக இருப்பார். எனக்கு ரொம்பச் சந்தேகம் தருகிற எண் பூஜ்யம். ஒரு வாரம் முழுக்கத் தக்காளியில் சேதமே இல்லை என்றால், ஒன்று அந்தக் கடையில் தக்காளி இல்லை, அல்லது எழுதுகிறவர் பயப்படுகிறார். ஒருமுறை எல்லாப் பொருளுக்கும் சேதம் ஒரே நாளில் ஒன்றேகால் கிலோ ஏறியிருந்தது. விசாரித்தால், பிளாஸ்டிக் கூடை உடைந்துபோய் இரும்பு வாளி வைத்திருக்கிறார்கள். வெறும் கூடையின் எடையைத்தான் தராசு கழித்துக்கொண்டிருந்தது.

பிடித்தம் நின்ற மாதத்தின் கணக்கைப் பார்த்து ஓனர் எனக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டார்.

“தம்பி, கடை ஆரம்பிச்சதுல இருந்து இத்தனை சேதாரம் வந்ததே இல்லையே. பிடிக்க மாட்டோம்னு தெரிஞ்சதும் அலட்சியம் ஆயிட்டாங்க பாரு.”

“கீழ இன்னொரு வரி இருக்குது பாருங்கண்ணா.”

எழுதப்பட்ட சேதம் 1.4-லிருந்து 6.3 சதவீதம் ஆகியிருந்தது. கீழே இருந்த வரியில், காரணம் தெரியாத குறைவு 6.1-லிருந்து 0.8-க்கு இறங்கியிருந்தது. இரண்டையும் கூட்டினால் போன மாதம் 7.5, இந்த மாதம் 7.1. அவர் கூட்டிப் பார்க்க ஆன நேரம் போனில் கேட்டது. பேனா தட்டுகிற சத்தம். கொஞ்சமாக இறங்கியதற்குக்கூட நான் பெருமைப்பட மாட்டேன், மழை குறைந்த மாதம் அது. பிடித்தம் திரும்ப வரவில்லை. நிற்கிறது என்று அவர் அறிவிக்கவும் இல்லை, பேசாமல் விட்டுவிட்டார்.

கீரையில் மட்டும் இன்னும் தகராறு இருக்கிறது. கீரை எடையில் வருவதில்லை, கட்டாக வரும். காலையில் 100 கட்டு. மத்தியானம் வெயிலில் வாடியதும் அக்கா கட்டைப் பிரித்து, வாடின தண்டை எடுத்துவிட்டு, இரண்டைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவார். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், விற்றும்விடும். சாயங்காலம் விற்றதையும் இருப்பதையும் கூட்டினால் 88 கட்டு. 12 கட்டு எங்கே? முழுக்கட்டாக ஒன்றுகூட தொட்டிக்குப் போகவில்லை. தொட்டியில் இருப்பது ஒரு கிலோ தண்டும் இலையும். கிலோவைக் கட்டாக மாற்றவும் முடியாது, தாளிக்கீரைக் கட்டும் அரைக்கீரைக் கட்டும் ஒரே அளவு இல்லை. ஐந்து காரணத்தில் எதை அழுத்துவது என்று அக்கா கேட்டார். ‘அழுகல்’ என்று எழுத அவருக்கு மனசில்லை. “அழுகலீங் தம்பி. சேத்துக் கட்டுனது.”

ஆறாவது பட்டன் ஒன்று போட்டேன். அதன்மேல் ‘சேத்துக் கட்டுனது’ என்றே எழுதியிருக்கிறது.